மூடுபனியில் நிற்கும் லாரியை யார் பார்ப்பது?

2016 மே 7. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் வில்லிஸ்டன் என்ற ஊருக்கு அருகே, ஆட்டோபைலட் இயங்கிக்கொண்டிருந்த ஒரு டெஸ்லா மாடல் எஸ் கார் மணிக்கு சுமார் 119 கி.மீ. வேகத்தில் சென்றுகொண்டிருந்தது. மழை இல்லை, பனி இல்லை, நல்ல பகல் வெளிச்சம். எதிரே வந்த ஒரு டிரெய்லர் லாரி இடப்பக்கம் திரும்பி, சாலையைக் குறுக்காகக் கடந்தது. கார் பிரேக் போடவில்லை. எச்சரிக்கை ஒலியும் எழவில்லை. டிரெய்லருக்கு அடியில் நேராகப் புகுந்து மறுபக்கம் வந்தது. ஓட்டுநர் இறந்துபோனார்.

அந்தக் காரில் கேமராவும் இருந்தது, ரேடாரும் இருந்தது. இரண்டும் பழுதாகவில்லை. பிறகு ஏன் இரண்டுமே கைவிட்டன? ஓட்டுநருக்கு உதவும் இந்தத் தொழில்நுட்பத்தின் பலமும் பலவீனமும் அந்தக் கேள்விக்குள் இருக்கின்றன.

முதலில் கேமரா. பளிச்சென்ற வானத்தின் முன்னால் டிரெய்லரின் வெள்ளைப் பக்கம் பிரிந்து தெரியவில்லை என்று டெஸ்லா விளக்கியது. கேமரா தூரத்தை நேரடியாக அளப்பதில்லை. படத்தில் இருக்கும் உருவத்தை அடையாளம் கண்டு, அதன் அளவையும் இடத்தையும் வைத்து தூரத்தைக் கணிக்கிறது. உருவம் பின்னணியோடு கலந்துவிட்டால், அல்லது அந்தக் கோணத்தில் உள்ள வண்டியை அடையாளம் காண மென்பொருளுக்குப் பழக்கம் இல்லாவிட்டால், அதற்கு முன்னால் வண்டியே இல்லை. குறுக்கே கடக்கும் வாகனங்களை இனம்காண அந்தக் கால அமைப்பு வடிவமைக்கப்படவே இல்லை என்று அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமும் விசாரணையில் கண்டது.

ரேடாரின் கதை வேறு. அது அனுப்பும் ரேடியோ அலை எதிரொலித்துத் திரும்புவதை வைத்து தூரத்தை மிகத் துல்லியமாகச் சொல்லும். பொருள் நம்மை எவ்வளவு வேகத்தில் நெருங்குகிறது என்பதையும் டாப்ளர் விளைவால் நேரடியாகச் சொல்லும். ஆனால் பக்கவாட்டு வேகம் அதற்குத் தெரியாது. குறுக்கே கடக்கும் லாரி, ரேடாரின் கணக்கில் சாலையில் நிற்கும் பொருள் போலத்தான். சாலையிலோ நிற்கும் பொருட்களுக்குக் குறைவே இல்லை: மேம்பாலம், வழிகாட்டிப் பலகை, தடுப்புக் கம்பி, சாக்கடை மூடி. எல்லாமே பலமாக எதிரொலிக்கும்.

அவற்றைப் பிரித்தறியும் கூர்மை வழக்கமான கார் ரேடாருக்குக் குறைவு. அதன் பார்வை 4 டிகிரி அகலம் என்று வைத்துக்கொண்டால், 100 மீட்டர் தொலைவில் அது 7 மீட்டராகப் பரந்துவிடும். அதாவது இரண்டு தடங்களின் அகலம். உயரத்தைச் சொல்லும் திறனோ பழைய ரேடார்களில் ஏறக்குறைய இல்லை. முன்னால் இருப்பது தலைக்கு மேலே செல்லும் பாலமா, சாலையை அடைத்து நிற்கும் லாரியா என்று சொல்ல முடியாத கருவியை நம்பி முழு பிரேக் போட்டால், ஒவ்வொரு பாலத்துக்கும் கார் நடுச்சாலையில் நிற்கும், பின்னால் வருபவர் மோதுவார். அதனால், நிற்பதாகத் தெரியும் பொருளை ரேடார் மட்டும் சொன்னால் நம்புவதில்லை, கேமராவும் ஆமோதித்தால்தான் பிரேக் என்று பல அமைப்புகளில் விதி வைத்தார்கள். மேலே தொங்கும் பலகை போலத் தெரிவதை ரேடார் ஒதுக்கிவிடும் என்று டெஸ்லாவின் ஈலான் மஸ்க்கும் விபத்துக்குப் பின் எழுதினார். ஆக, வில்லிஸ்டனில் கேமரா பார்க்கவில்லை. ரேடாருக்கு எதிரொலி கிடைத்திருந்தாலும் அந்த ஒற்றைச் சாட்சி செல்லாது.

சென்சார்களை இணைப்பது என்றால் எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுப்பது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் ஒவ்வொன்றுக்கும் எதில் எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம் என்பதே கணக்கு. முன்னால் செல்லும் கார் 100 மீட்டரில் இருப்பதாகக் கேமரா கணிக்கிறது. அதில் 10 மீட்டர் வரை பிழை இருக்கலாம். ரேடார் 92 மீட்டர் என்கிறது. பிழை அரை மீட்டர்தான். பிழையின் வர்க்கத்துக்கு எதிர் விகிதத்தில் எடை கொடுத்தால், விடை 92.02 மீட்டர். தூரத்தில் ரேடார் சொல்லே ஏறக்குறைய முடிவு. அந்தக் கார் நம் தடத்தில் இருக்கிறதா, பக்கத்துத் தடத்திலா என்ற கேள்வியில் தராசு அப்படியே கேமரா பக்கம் சாய்ந்துவிடும். 1960-இல் ருடால்ஃப் கால்மன் வெளியிட்ட கணித முறை இந்த எடைபோடுதலை நொடிக்குப் பல முறை, பொருளின் நகர்வையும் சேர்த்துச் செய்து தருகிறது. ஆனால் அதற்கு முன்பே ஒரு முடிவு வேண்டும்: கேமரா காட்டும் காரும் ரேடார் காட்டும் புள்ளியும் ஒரே பொருள்தானா? கேமரா 1 டிகிரி விலகிப் பொருத்தப்பட்டிருந்தால், 100 மீட்டரில் ஒன்றே முக்கால் மீட்டர் தவறும்; பாதித் தடம். அப்போது ஒரு வண்டி இரண்டாகத் தெரியலாம், பக்கத்துத் தடத்து வண்டி நம் முன்னால் வந்து நிற்கலாம். முன்கண்ணாடியை மாற்றினால் கேமராவை மறுபடி அளவுதிருத்தம் செய்யச் சொல்வது இதனால்தான். கண்ணாடி மாற்றிய பிறகு காரணமில்லாமல் பிரேக் விழுந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியதும் இதைத்தான்.

கேமராவும் ரேடாரும் விட்ட இடைவெளியை லைடார் நிரப்புகிறது. லேசர் துடிப்புகளை வரிசையாக வீசி, ஒவ்வொன்றும் திரும்பும் நேரத்தை அளந்து, முன்னுள்ள உலகைப் புள்ளிகளால் வரைந்துவிடும். அதன் கூர்மை 0.1 டிகிரி என்றால் 100 மீட்டரில் 17 சென்டிமீட்டர். வெள்ளை டிரெய்லரா, வெள்ளை வானமா என்ற குழப்பம் அதற்கு இல்லை. வானம் எதையும் திருப்பி அனுப்பாது. டிரெய்லர் எந்த உயரத்தில் தொடங்குகிறது, அடியில் எவ்வளவு இடைவெளி என்பதுகூடப் புள்ளிகளில் தெரியும். வில்லிஸ்டன் போன்ற தெளிந்த பகலில் லைடார் மிக நல்ல மூன்றாவது சாட்சி.

மூடுபனியில் அப்படியில்லை. பனித்துளியின் அளவு பெரும்பாலும் 10, 20 மைக்ரான். லைடார் ஒளியின் அலைநீளம், பரவலான வகையில், 0.9 மைக்ரான், கண்ணுக்குத் தெரியும் ஒளி அதைவிடச் சிறியது. துளியைவிட அலை சிறியதானால் ஒவ்வொரு துளியும் ஒளியைச் சிதறடிக்கும். மலைப்பாதைப் பனியில் ஹை பீம் போட்டவர்களுக்கு இது தெரியும்: முன்னால் ஒரு வெள்ளைச் சுவர் எழும். லைடாருக்கும் அதே சுவர்தான். ஒரே துடிப்புக்கு வரும் பல எதிரொலிகளில் கடைசியானதை எடுத்துக்கொண்டு சிறு மழையைச் சமாளிக்கலாம். அடர்ந்த பனியில் கடைசி எதிரொலியே வந்து சேராது. 77 ஜிகாஹெர்ட்ஸ் கார் ரேடாரின் அலையோ சுமார் 4 மில்லிமீட்டர், பனித்துளியைப் போல 200 மடங்குக்கு மேல். பனி அங்கே இருப்பதே அதற்குத் தெரியாது. பெருமழையின் துளிகள் மில்லிமீட்டர் கணக்கில் இருப்பதால் ஓரளவு உறைக்கும். அதைவிடத் தொந்தரவு, ரேடாரை மூடியிருக்கும் பம்பர் பகுதியில் படியும் நீர்ப்படலமும் ஈரமான பனிக்கட்டியும் சேறும். ரேடார் தடைபட்டுள்ளது என்று டாஷ்போர்டில் செய்தி வந்தால் பெரும்பாலும் அங்கே துடைக்கத்தான் வேண்டும்.

ஆக, கேமராவும் லைடாரும் இரண்டு தனித்தனிச் சாட்சிகள் அல்ல, பனியைப் பொறுத்தவரை. இரண்டும் ஒளியை நம்புகின்றன, இரண்டும் சேர்ந்தே குருடாகின்றன. இப்போது நெடுஞ்சாலையில், பனிக்குள், விளக்கில்லாமல் பழுதாகி நிற்கும் ஒரு லாரியை எண்ணிப் பாருங்கள். 100 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஈரச் சாலையில் நிற்க 75, 80 மீட்டராவது தேவை. அந்தத் தூரத்தில் லாரியைக் காண்பது ரேடார் மட்டும். நிற்கும் பொருளைப் பற்றி அது தனியாகச் சொன்னால் நம்பக் கூடாது என்று நாமே விதி எழுதி வைத்திருக்கிறோம். மற்ற இரண்டும் இல்லாதபோதுதான் அதன் சொல் மிகவும் தேவை, அப்போதுதான் அதற்கு மதிப்பு குறைவு. இந்த முடிச்சு இன்னும் முழுதாக அவிழவில்லை.

அவிழ்க்க எனக்கு நம்பிக்கை தரும் வழி, ரேடாரையே கூர்மையாக்குவது. 4டி ரேடார் என்று இப்போது வரும் கருவிகள் பல ஆன்டெனாக்களைச் சேர்த்து உயரத்தையும் அளக்கின்றன. எதிரொலி தரையிலிருந்து 1 மீட்டரில் வருகிறதா, 5 மீட்டரிலா என்று தெரிந்தால், பாலத்தையும் லாரியையும் கேமராவைக் கேட்காமலேயே பிரிக்கலாம். லைடாரின் கூர்மையை அவை இன்னும் எட்டவில்லை. சாலையோரத் தடுப்புக் கம்பியில் பட்டுத் தெறிக்கும் போலி எதிரொலிகளும் அவற்றை ஏமாற்றுகின்றன. அதுவரை, பனி அடர்ந்ததும் கேமரா இயங்கவில்லை என்று கார் அறிவித்தால், தானியங்கி பிரேக்கின் பாதிப் பார்வை போய்விட்டது என்று பொருள். அறிவிக்காத கார்களும் உண்டு. முன்னால் போகும் வண்டியின் சின்னம் திரையில் மறைந்து மறைந்து தோன்றினால், தடக்கோடுகள் சாம்பல் நிறமானால், செய்தி வரும்வரை காத்திருக்காமல் வேகத்தைக் கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்கு இறக்கிவிடுங்கள்.