கேட்டின் பலம் மூலையில்

கேட் தொங்கிப்போய் தாழ்ப்பாள் துளையில் சேராவிட்டால் முதலில் கீலைத்தான் குறை சொல்வோம். சட்டத்தின் மூலை வெல்டு விட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கிரைண்டர் போட்டு வழவழப்பாக்கிய முகத்தில் மயிரிழைபோல ஒரு துருக்கோடு ஓடினால், உலோகம் உள்ளே இறங்கவில்லை என்று சந்தேகிக்கலாம்.

1200 மி.மீ. அகலம், 1500 மி.மீ. உயரத்தில் ஒரு கேட் செய்வதாக வைத்துக்கொள்வோம். பைப் 40 மி.மீ. சதுரம், சுவர் கனம் 2 மி.மீ. முனைகளை 45 டிகிரியில் சாய்த்து அறுத்து, வெட்டிய இடத்தைச் சுற்றி இரண்டு சென்டிமீட்டருக்குத் துருவையும் பெயின்ட்டையும் தேய்த்து எடுக்க வேண்டும். பிறகு இரண்டு முனைகளையும் இறுக்கி ஒட்ட வைக்கக் கூடாது. அப்படி வைத்தால் வெல்டு மேலேயே உட்காரும். மட்டமாக்கும்போது கிரைண்டர் அதை அப்படியே சீவிவிடும். 1 மி.மீ. அளவுக்கு இடைவெளி விட்டால் உருகிய உலோகம் சுவரின் கனத்துக்குள் இறங்கும். இடைவெளி 2 மி.மீ.-ஐத் தாண்டினால் இந்த மெல்லிய பைப் ஓட்டை விழுந்துவிடும்.

வெல்டு ஆறும்போது சுருங்கி, பைப்பைத் தன் பக்கம் இழுக்கும். மூலையின் வெளிப்பக்கம் வைத்த வெல்டு கோணத்தை விரிக்கும். உள்பக்கம் வைத்தது குறுக்கும். டாக் வைக்கும் வரிசை இதை ஒட்டியதுதான்.

சட்டத்தைச் சமதளத்தில் பரப்பி, நான்கு மூலைகளிலும் வெளிப்பக்கம் ஒவ்வொரு டாக் மட்டும் வையுங்கள். இந்த நிலையில் சட்டம் இன்னும் தட்டினால் அசையும். இப்போது மூலைவிட்டங்களை அளக்க வேண்டும். நம் கேட்டுக்கு இரண்டுமே 1921 மி.மீ. வர வேண்டும். ஒன்று 1924, மற்றது 1918 என்றால், நீளமான மூலைவிட்டத்தின் முனைகளை உள்நோக்கித் தட்டி 3 மி.மீ. குறைத்தால் போதும், மற்றதும் தானாகச் சரியாகும். அதன்பின் உள்மூலை டாக்குகளை, ஒரு மூலை முடிந்ததும் அதற்குக் குறுக்கே எதிர்மூலை என்று மாறி மாறி வைத்து, மறுபடி அளக்க வேண்டும். கடைசியில் மேல்முகத்தில் ஒன்று. சட்டத்தைப் புரட்டிப்போட்டு அடிமுகத்தில் ஒன்று. ஒரு முகத்தை மட்டும் வெல்டு செய்து முடித்தால் சட்டம் அந்தப் பக்கம் வளையும் என்பதால்தான் இந்தப் புரட்டல்.

முழு வெல்டுக்கு 2.5 மி.மீ. ராடு, 6013 ரகம் என்றால் 60 முதல் 80 ஆம்பியர். இதிலும் வெளிப்பக்கம் முதலில், உள்மூலை அடுத்து, முகங்கள் கடைசியில். ஒரு மூலையை ஒரே மூச்சில் முடிக்காமல், ஒரு பக்கம் போட்டதும் எதிர்மூலைக்குப் போக வேண்டும். ஒவ்வொரு டாக்கின் கசடையும் தட்டி எடுத்த பிறகே அதன்மேல் ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் கசடு உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

பார்வைக்கு வரும் முகங்களை மட்டமாகத் தேய்க்கலாம். உள்மூலை வெல்டில் மட்டும் கிரைண்டரை வைக்க விடாதீர்கள். மேடாக நிற்கும் அந்த உலோகம்தான் கேட் தொங்கும்போது மூலை பிளக்காமல் பிடித்துக்கொள்கிறது.