துப்பறிகிறவன் கண்ணில் ஒரு கடைத்தெரு

அமெரிக்கத் துப்பறியும் கதைகளில் ஒரு தனிக் கிளை உண்டு. அதில் கதை சொல்கிறவன் சுருக்கமாகப் பேசுவான். யாரையும் எளிதில் நம்பமாட்டான். தனக்கு வருத்தம் வந்தாலும் வெளியே காட்டமாட்டான். சாதாரணத் தெருக்காட்சி ஒன்றை எடுத்து அந்தக் குரலில் திருப்பி எழுதிப் பார்ப்பது நடை பழகுகிறவர்கள் விரும்பிச் செய்யும் பயிற்சி. வாக்கியங்களை வெட்டிப் போட்டு, மழையையும் சிகரெட்டையும் ஒரு துப்பாக்கியையும் சேர்த்தால் வேலை முடிந்தது என்று முதலில் தோன்றும். அப்படி எழுதினால் கிடைப்பது கேலிச் சித்திரம். தெருவை அப்படியே விட்டுவிட்டு, அதைப் பார்க்கிற ஆளை மட்டும் மாற்றுவதுதான் பயிற்சியின் சாரம்.

இந்தக் குரல் வளர்ந்த இடம் 'பிளாக் மாஸ்க்' என்ற மலிவுத்தாள் இதழ். 1920இல் தொடங்கிய அந்த இதழுக்கு 1926இல் ஜோசப் ஷா ஆசிரியரானார். டாஷியல் ஹாமெட் எழுதிய பெயரில்லாத் துப்பறிவாளன் கதைகள் அதில்தான் வந்தன. ஹாமெட் எழுத வருமுன் பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். பின்தொடர்ந்த ஆள் எத்தனை மணிக்கு எங்கே நுழைந்தான், யாரைப் பார்த்தான், என்ன கொடுத்தான் என்பதைக் கவனித்துச் சொல்வது அந்த வேலையின் பெரும்பகுதி. அதில் ஆளின் மனதுக்குள் என்ன ஓடியது என்று எழுத இடமில்லை. கண்ணில் பட்டது மட்டும்தான் சரக்கு. ஹாமெட்டின் 'மால்ட்டீஸ் ஃபால்கன்' நாவல் 1930இல் புத்தகமாக வந்தது. அதில் ஒரு பாத்திரத்தின் மனதுக்குள்ளும் ஆசிரியர் நுழைவதில்லை.

ரேமண்ட் சாண்ட்லர் இந்த நடையைப் பயிற்சி செய்தே கற்றார். எண்ணெய் நிறுவன வேலையை இழந்தபின், நாற்பது வயதைத் தாண்டி எழுத உட்கார்ந்தவர் அவர். எர்ல் ஸ்டான்லி கார்ட்னரின் கதை ஒன்றை எடுத்து, விரிவான சுருக்கம் எழுதிவைத்துக்கொண்டு, அந்தச் சுருக்கத்திலிருந்து கதையைத் தானே திருப்பி எழுதினார். பிறகு மூலத்தோடு ஒப்பிட்டு எங்கே தோற்றோம் என்று பார்த்தார். அவருடைய முதல் கதை 1933இல் 'பிளாக் மாஸ்க்'கில் வெளியானது.

தமிழில் இதைச் செய்து பார்க்க ஒரு சாதாரணப் பத்தி போதும்:

"ஜூன் மாதக் காலை, எட்டு மணி. கடைத்தெரு மெல்ல விழித்துக்கொண்டிருந்தது. கோயில் வாசலில் பூக்காரம்மா கூடையை இறக்கிவைத்து, ஈரத் துணியை விலக்கி, மணக்கும் மல்லிகையை முழம் போட்டு விற்கத் தொடங்கியிருந்தார். எதிரே டீக்கடையில் மாஸ்டர் உயரத் தூக்கி டீ ஆற்றிக்கொண்டிருக்க, பெஞ்சில் இரண்டு பெரியவர்கள் ஒரே செய்தித்தாளைப் பங்கிட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். புதுச் சீருடையும் புதுக் காலணியும் அணிந்த சிறுமி ஒருத்தி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு துள்ளித் துள்ளி வந்தாள். அம்மாவின் கழுத்தில் புதிதாக மாற்றிய மஞ்சள் கயிறு பளிச்சென்று தெரிந்தது. பக்கத்தில் அடகுக்கடையின் ஷட்டர் பாதி ஏறியிருக்க, உள்ளே ஒரு பையன் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தான்."

இந்தப் பத்தியில் குறை ஒன்றும் இல்லை. பல கதைகள் இப்படித்தான் தொடங்குகின்றன. இதை எழுதியவருக்கு இந்தத் தெருவைப் பிடித்திருக்கிறது என்பது மட்டும் ஒவ்வொரு வாக்கியத்திலும் தெரிகிறது.

முதல் வேலை வாக்கிய அமைப்பில். தமிழ் எழுத்து வினையெச்சங்களைக் கோத்துக்கொண்டே போக வசதியான மொழி. இறக்கிவைத்து, விலக்கி, போட்டு, விற்க என்று நான்கு செயல்களை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். அந்தக் கோவை செயல்களை ஒன்றோடொன்று இழைத்துவிடுகிறது; எல்லாம் இயல்பாக நடக்கிறது என்ற நிம்மதியைத் தருகிறது. துப்பறிகிறவனுக்கு அந்த நிம்மதி கிடையாது. ஆகவே எச்சங்கள் முற்றுகளாக வேண்டும்: இறக்கினாள், விலக்கினாள். ஒவ்வொரு முற்றுக்குப் பிறகும் ஒரு நிறுத்தம் விழுகிறது. அந்த நிறுத்தத்தில்தான் சந்தேகம் நுழைகிறது. வினையே இல்லாத வாக்கியமும் தமிழுக்கு இயல்பானதே. "எதிரே டீக்கடை" என்றால் முழு வாக்கியம்; எதையும் வெட்டியதாக வாசகர் உணரமாட்டார்.

"கொண்டிருந்தது", "கொண்டிருக்க" என்ற தொடர்நிகழ்ச்சி வடிவங்களும் பெரும்பாலும் போக வேண்டும். அவை காட்சியை மிதக்க விடுகின்றன. "மணக்கும்", "பளிச்சென்று", "மெல்ல" போன்ற சொற்கள் எழுதியவரின் பாராட்டு என்பதால் அவையும் நீங்கும். சீருடை யூனிஃபார்ம் ஆகும், செய்தித்தாள் பேப்பர் ஆகும். இவன் பேச்சுவழக்குச் சொற்களில் யோசிக்கிற ஆள். முழுக்கப் பேச்சுத் தமிழுக்கு இறங்கினால் அரட்டை வாடை வந்துவிடும் என்பதால் வினைமுற்றுகள் எழுத்துத் தமிழிலேயே நிற்பது நல்லது.

இரண்டாவது வேலை கடினமானது. இந்தக் குரலின் கசப்பு, எதைப் பார்த்தாலும் அதன் விலையைக் கேட்பதில் இருக்கிறது. பூ மணக்கிறதா என்று இவன் கவலைப்படமாட்டான். முழம் யார் கையால் அளக்கப்படுகிறது என்று பார்ப்பான். டீயின் உயரத்தை ரசிக்கமாட்டான். கிளாஸில் நுரை எவ்வளவு என்று பார்ப்பான். இங்கே ஒரு கட்டுப்பாடு தேவை. காட்சியில் இருப்பதை நெருங்கிப் பார்க்கலாம். இல்லாததைக் கொண்டுவரக் கூடாது. பையன் கையில் துடைப்பத்துக்குப் பதில் கத்தி வந்துவிட்டால் அது வேறு கதை.

மூன்றாவது, வரிசை. மூலப் பத்தியில் அடகுக்கடை கடைசியில் சும்மா கிடக்கிறது. அதைத் தாய்க்கும் மகளுக்கும் முன்னால் நகர்த்தினால் மஞ்சள் கயிறு வேறு பொருள் கொள்கிறது. தாலிக் கயிறு மாற்றுவது மங்கலமான சடங்கு. மூலத்தில் அது அப்படித்தான் இருந்தது. அடகுக்கடையைக் கடந்து வருகிற வாசகர் அதே கயிற்றைப் பார்த்து, சங்கிலி எங்கே என்று கேட்பார். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் மாதம் என்பது கேள்விக்குப் பதில். இதை விளக்கி ஒரு வாக்கியம் எழுதினால் எல்லாம் கெட்டது.

திருப்பி எழுதிய பத்தி இப்படி வரும்:

"ஜூன் மாதம். மணி எட்டு. கடைத்தெருவுக்கு இன்னும் தூக்கம் தெளியவில்லை. எனக்கும்தான்.

கோயில் வாசலில் பூக்காரி கூடையை இறக்கினாள். ஈரத் துணியை விலக்கினாள். மல்லிகை. முழம் போட்டு விற்றாள். அவளுக்குக் குட்டைக் கை. வேறு எந்தத் தொழிலில் இருந்தாலும் அது குறையாக இருந்திருக்கும்.

எதிரே டீக்கடை. மாஸ்டர் டீயைத் தலைக்கு மேலே தூக்கி ஊற்றினார். பாதி கிளாஸ் நுரை. நுரைக்கும் சேர்த்துத்தான் காசு. பெஞ்சில் இரண்டு பெரியவர்கள், ஒரே பேப்பர். ஒருவர் கையில் அரசியல். இன்னொருவர் கையில் கண்ணீர் அஞ்சலி. இரண்டாமவர் வெகுநேரம் பக்கத்தைத் திருப்பவே இல்லை.

பக்கத்தில் அடகுக்கடை. ஷட்டர் பாதி ஏறியிருந்தது. உள்ளே ஒரு பையன் கூட்டினான். இப்போது நுழைந்தால் குனிந்துதான் போக வேண்டும். ஷட்டர் முழுக்க ஏறிய பிறகும் அங்கே யாரும் நிமிர்ந்து போய் நான் பார்த்ததில்லை.

ஒரு சிறுமி அம்மா கையைப் பிடித்துத் துள்ளிக்கொண்டு வந்தாள். யூனிஃபார்ம் கசங்கவில்லை. அம்மா கழுத்தில் மஞ்சள் கயிறு. புதுசு. சிறுமி காலில் ஷூ. அதுவும் புதுசு."

புதிதாக வந்த ஆள் ஒருவர்தான், பார்க்கிறவர். அவர் பெயர், வேலை, சட்டைப்பையில் என்ன இருக்கிறது என்பது எதுவும் சொல்லப்படவில்லை. கடைசி நான்கு வாக்கியங்களில் கிண்டல் நின்றுவிடுவதைக் கவனிக்கலாம். பூக்காரியிடமும் மாஸ்டரிடமும் காட்டிய நக்கலை இவன் அந்தத் தாயிடம் காட்டவில்லை. இந்த வகைக் கதைசொல்லியை வெறும் குதர்க்கக்காரனிடமிருந்து பிரிப்பது இதுதான். சாண்ட்லரின் பிலிப் மார்லோ ஊர் முழுவதையும் ஏளனமாகப் பேசுவான். ஆனால் ஏமாந்து நிற்கிறவரைக் கண்டால் அவன் குரல் தணியும். எல்லார்மேலும் ஒரே அளவு நஞ்சைத் தெளித்தால் இரண்டாம் பத்தியிலேயே வாசகருக்குச் சலித்துவிடும்.

பயிற்சி கெடுவது வழக்கமாக ஓரிரு இடங்களில்தான். ஒன்று உவமை. சாண்ட்லரின் உவமைகள் புகழ்பெற்றவை என்பதால் புதிதாக எழுதுகிறவர்கள் வாக்கியத்துக்கு ஒன்றாகச் சேர்ப்பார்கள். ஹாமெட்டிடம் உவமை அரிது. மேலே உள்ள பத்தியில் ஒன்றுகூட இல்லை. இன்னொன்று தாளம். எல்லா வாக்கியமும் இரண்டு மூன்று சொல்லில் முடிந்தால் தந்தி வாசிப்பதுபோல ஆகிவிடும். "ஷட்டர் முழுக்க ஏறிய பிறகும்" என்று தொடங்கும் வாக்கியம் வேண்டுமென்றே நீட்டப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் வரும் குட்டை வாக்கியங்கள் அதனால்தான் குட்டையாகக் கேட்கின்றன. உரக்கப் படித்தால் இது உடனே பிடிபடும்.

இந்தக் குரலுக்கு எட்டாத இடங்களும் உண்டு. தேர்த் திருவிழாக் கூட்டத்தை இதில் எழுதினால் எடுபடாது. தனித்தனி ஆட்களை எடைபோடுகிற கண்ணுக்குக் கூட்டத்தின் களிப்பு பிடிபடாது. தமிழ்த் துப்பறியும் கதைகளே பெரும்பாலும் இந்தக் கசப்பை நாடவில்லை. தமிழ்வாணனின் சங்கர்லால் பண்பான கனவான். சுஜாதாவின் கணேஷ் 1968இல் 'நைலான் கயிறு' தொடர்கதையில் வந்தபோது குட்டை வாக்கியம் தமிழ் வாசகருக்கு நன்றாகவே பழகியது. ஆனால் அந்தக் கதைகளின் சுவை பெரும்பாலும் மூளையின் சுறுசுறுப்பில் இருந்தது, உலகத்தின்மேல் இருந்த அலுப்பில் இல்லை. ஆகவே தமிழில் இதை முயல்கிறவருக்குப் பின்பற்ற ஆயத்த மாதிரிகள் குறைவு.

எழுதியது தேறியதா என்று பார்க்க, மூலத்தைப் படிக்காத ஒருவரிடம் புதிய பத்தியைக் கொடுத்து, தெருவில் என்னென்ன இருந்தன என்று பட்டியல் போடச் சொல்ல வேண்டும். பூக்கூடை, டீக்கடை, பேப்பர், அடகுக்கடை, தாய், மகள் எல்லாம் அதில் இருந்து, மழையும் துப்பாக்கியும் இல்லாமல் இருந்தால் தெரு பத்திரமாக இருக்கிறது. பிறகு, அந்தத் தாயைப் பற்றி என்ன தோன்றியது என்று கேட்க வேண்டும். பத்தியில் எங்கும் இல்லாத சங்கிலியை அவரே குறிப்பிட்டால் பத்தி தேறிவிட்டது.