மூன்றாம் முறையும் கெட்ட ஃபிரிட்ஜ்: புகாரை எப்படி எழுதுவது?

"உங்கள் கம்பெனி ஒரு ஃப்ராடு கம்பெனி. ஃபிரிட்ஜ் வாங்கின நாளிலிருந்து நிம்மதியே போச்சு. எத்தனை தடவை போன் பண்ணினாலும் ஆள் வருவதில்லை. வருகிறவர்களுக்கும் ஒன்றும் தெரிவதில்லை. என் அம்மாவின் மருந்தெல்லாம் வீணாகிவிட்டது. அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் யார் பொறுப்பு? ஐந்து லட்சம் நஷ்டஈடு தராவிட்டால் கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன்."

உதாரணத்துக்காக எழுதிய கடிதம்தான் இது. ஆனால் வாரண்டி இருக்கும்போதே பொருள் கெட்டு, கஸ்டமர் கேருக்குப் போன் செய்து அலுத்துப்போனவர்கள் பலர் இப்படித்தான் எழுதுகிறார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. கடிதம் மட்டும் எழுதியவருக்கு எதிராகவே வேலை செய்யும். எப்படி என்று பார்க்க, அதன் பின்னால் நடந்ததாக ஒரு கதையை வைத்துக்கொள்வோம்.

திருச்சியில் ஒருவர் 2025 மார்ச் 3 அன்று 28,500 ரூபாய்க்கு ஃபிரிட்ஜ் வாங்குகிறார். ஒரு வருட முழு வாரண்டி. மூன்று மாதம் நன்றாக ஓடுகிறது. ஜூன் 9 அன்று கூலிங் நிற்கிறது. 12ஆம் தேதி டெக்னீஷியன் வந்து கேஸ் நிரப்புகிறார். ஜூலை 1 அன்று மறுபடி அதே கதை. 4ஆம் தேதி மறுபடி கேஸ். ஜூலை 20 அன்று மூன்றாவது முறையாகக் கூலிங் போகிறது. உள்ளே தாயாரின் இன்சுலின் இருக்கிறது. 25ஆம் தேதி வந்த டெக்னீஷியன், உள்ளே மறைந்திருக்கும் குழாயில் கசிவு என்று ஜாப் ஷீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார். அதன்பின் யாரும் வரவில்லை.

இப்போது அந்தக் கோபக் கடிதத்தை மறுபடி படியுங்கள். "ஆள் வருவதில்லை" என்கிறார். கம்பெனியிடம் மூன்று ஜாப் ஷீட் இருக்கிறது, மூன்றிலும் இவருடைய கையெழுத்து இருக்கிறது. "வாங்கின நாளிலிருந்து" என்கிறார். முதல் புகார் மூன்று மாதம் கழித்துத்தான் பதிவாகியிருக்கிறது. நாளை விஷயம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் எடுத்துக் காட்டுவது இந்த இரண்டு வரிகளைத்தான். இரண்டு இடத்தில் மிகைப்படுத்தியவர் மூன்றாவது இடத்தில் உண்மை சொன்னாலும் அது சந்தேகத்தோடுதான் பார்க்கப்படும்.

"ஃப்ராடு" என்ற சொல்லில் இன்னும் பெரிய சிக்கல் இருக்கிறது. பொருளில் குறை இருக்கிறது என்று காட்டுவது ஒன்று, விற்றவர் திட்டமிட்டு ஏமாற்றினார் என்று நிரூபிப்பது வேறு. நுகர்வோர் ஆணையங்கள் சுருக்கமான முறையில் விசாரிப்பவை. மோசடி போன்ற குற்றத்தன்மை கொண்ட புகார்களையும், உண்மைகள் கடுமையாகச் சர்ச்சைக்குள்ளாகும் புகார்களையும் அவை தீர்மானிக்க முடியாது என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கெட்டுப்போன ஃபிரிட்ஜ் என்ற எளிய விஷயத்தை ஒரே சொல்லால் சிக்கலாக்கி, எதிர்த்தரப்பு வாதத்துக்கு நாமே இடம் கொடுத்துவிடுகிறோம்.

அதே புகாரை மாற்றி எழுதினால் இப்படி வரும்:

"பெறுநர்: 1. விற்பனைக் கடையின் மேலாளர். 2. தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் குறைதீர் அலுவலர்.

தேதி: 11.08.2025

பொருள்: வாரண்டி காலத்தில் மூன்று முறை பழுதான ஃபிரிட்ஜை மாற்றித் தருவது குறித்து.

ஐயா / அம்மையீர்,

03.03.2025 அன்று தங்கள் கடையில் ரூ. 28,500 செலுத்தி ஒரு ஃபிரிட்ஜ் வாங்கினேன். பில் எண், மாடல் எண், சீரியல் எண் ஆகியவை இணைப்பில் உள்ளன. 02.03.2026 வரை முழு வாரண்டி உள்ளது.

09.06.2025: கூலிங் நின்றது. புகார் பதிவு செய்தேன். 12.06.2025 அன்று டெக்னீஷியன் வந்து கேஸ் நிரப்பினார்.

01.07.2025: மீண்டும் கூலிங் நின்றது. 04.07.2025 அன்று மீண்டும் கேஸ் நிரப்பப்பட்டது.

20.07.2025: மூன்றாம் முறையாகக் கூலிங் நின்றது. அன்று இரவு 8 மணிக்கு உள்ளே வெப்பமானி 17 டிகிரி செல்சியஸ் காட்டியது. 25.07.2025 அன்று வந்த டெக்னீஷியன் 'உள் குழாயில் கசிவு' என்று ஜாப் ஷீட்டில் குறிப்பிட்டுள்ளார்.

அதன்பின் 17 நாட்களாகியும் நடவடிக்கை இல்லை. இன்றுவரை மொத்தம் 28 நாட்கள் ஃபிரிட்ஜைப் பயன்படுத்த முடியவில்லை.

என் தாயார் இன்சுலின் போட்டுக்கொள்பவர். 14.07.2025 அன்று ரூ. 1,260க்கு வாங்கிய, பிரிக்காத இன்சுலின் குளிர்ச்சி இல்லாததால் பயன்படுத்த முடியாமல் போயிற்று. பில் இணைத்துள்ளேன்.

ஆகவே இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள், 1) அதே மாடலில் புதிய ஃபிரிட்ஜ், அல்லது ரூ. 28,500ஐத் திருப்பித் தருதல், 2) இன்சுலினுக்கான ரூ. 1,260 ஆகியவற்றைக் கோருகிறேன். தவறினால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவேன். அங்கு இழப்பீடும் செலவுத் தொகையும் கோரும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை."

இதில் ஒரு வசைச் சொல்லும் இல்லை. ஆனாலும் முதல் கடிதத்தைவிட இதற்குப் பதில் சொல்வதுதான் கம்பெனிக்குக் கடினம். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு காகிதம் இருக்கிறது. 28 நாட்கள் என்பது தேதிகளைக் கூட்டினால் யாருக்கும் வரும் கணக்கு: ஜூனில் மூன்று, ஜூலைத் தொடக்கத்தில் மூன்று, ஜூலை 20இலிருந்து கடிதத் தேதி வரை இருபத்திரண்டு. "எத்தனையோ நாளாக" என்று எழுதியிருந்தால் இந்தக் கணக்கு வெளியே தெரிந்திருக்காது.

17 டிகிரி என்ற வரியும் அப்படித்தான். "சரியாகக் கூலிங் இல்லை" என்றால், கதவை அடிக்கடி திறந்திருப்பீர்கள், பொருட்களை நெருக்கி அடைத்திருப்பீர்கள், வீட்டில் வோல்டேஜ் ஏற்ற இறக்கம் இருந்திருக்கும் என்றெல்லாம் பதில் வரும். பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். சாதாரண வெப்பமானி ஒன்றை உள்ளே வைத்து, சிறிது நேரம் கழித்து, எண் தெரியும்படி தேதியோடு படம் எடுத்துக்கொண்டால் அந்தப் பதில்களுக்கு வலு குறையும். தாயாரைப் பற்றிய வரி உணர்ச்சிக்காக எழுதியது போலத் தோன்றலாம். மருந்து ஏன் ஃபிரிட்ஜில் இருந்தது, அது வீணானால் என்ன நஷ்டம் என்பதை விளக்க அது தேவை. அந்த அளவோடு நின்றால் போதும்.

இந்த வழக்கின் உயிர்நாடி ஜாப் ஷீட். "இது தயாரிப்பிலேயே உள்ள குறை" என்று நாம் எழுதினால் அது நம் கருத்து. கம்பெனியே அனுப்பிய ஆள் குழாயில் கசிவு என்று எழுதினால் அது சான்று. ஃபிரிட்ஜில் குளிரூட்டும் வாயு மூடிய குழாய்களுக்குள் சுற்றி வருகிறது. அது தானாகத் தீர்ந்துபோகாது. மூன்று மாதத்தில் குறைந்தது என்றால் எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடிக்காமல் வாயுவை மட்டும் நிரப்பினால் சில வாரங்களில் மறுபடி நிற்கும். அந்தக் குழாய்களில் ஒரு பகுதி சுவருக்குள் இருக்கும் ஃபோமில் புதைந்திருப்பதால், அங்கே கசிந்தால் பழுதுபார்ப்பது எளிதல்ல. ஆகவே டெக்னீஷியன் வாயால் சொல்வதோடு விட்டுவிடாதீர்கள். "என்ன பழுது, என்ன செய்தீங்க, ரெண்டையும் இதில் எழுதிக் கொடுங்க தம்பி" என்று கேட்டு வாங்குங்கள். எழுத மறுத்தால், அவர் சொன்னதை அன்றே கம்பெனிக்கு மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். இப்படி ஒரு சான்றும் இல்லாவிட்டால் ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப நேரிடலாம். அதற்கான கட்டணத்தைப் புகார்தாரரே முதலில் கட்ட வேண்டும், வழக்கும் நீளும்.

கோரிக்கைத் தொகையிலும் இதே ஒழுங்கு வேண்டும். 28,500 ரூபாய்ப் பொருளுக்கு ஐந்து லட்சம் கேட்டால், அது எப்படி வந்தது என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. மன உளைச்சலுக்கு இழப்பீடு கேட்கக் கூடாது என்று பொருள் இல்லை. குறையை நீக்கவும், பொருளை மாற்றித் தரவும், விலையைத் திருப்பித் தரவும், இழப்பீடு வழங்கவும் உத்தரவிடும் அதிகாரத்தை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஆணையத்துக்குக் கொடுத்திருக்கிறது. கடிதத்தின் கடைசி வரி அதற்காகத்தான். முதல் கட்டத்தில் பில்லோடு காட்டக்கூடிய தொகையை மட்டும் கேட்டால், கம்பெனி கொடுத்து முடித்துக்கொள்ள வழி இருக்கும்.

கடைக்கும் தயாரிப்பாளருக்கும் ஒரே கடிதத்தை அனுப்புவதற்குக் காரணம், "கம்பெனியைக் கேளுங்கள்", "டீலரைக் கேளுங்கள்" என்று இருவரும் மாற்றி மாற்றிக் கை காட்டுவதுதான். மின்னஞ்சலோடு, சேர்ந்ததற்கான ஒப்புகை கிடைக்கும்படி அஞ்சலிலும் அனுப்புங்கள். நகல்களை மட்டும் இணையுங்கள், அசல் உங்களிடமே இருக்கட்டும்.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். வழக்குக்கு முந்தைய கட்டமாக அவர்கள் நிறுவனத்தோடு பேசுவார்கள். அதிலும் தீராவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். நிறுவனத்தின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும் கவலையில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைக்காமல் நீங்களே வாதாடலாம். எதிர்த்தரப்பு பதில் தாக்கல் செய்ய 30 நாட்கள், தேவைப்பட்டால் மேலும் 15 நாட்கள். அதற்கு மேல் நீட்டிக்க முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. ஆய்வு தேவைப்படாத புகாரை மூன்று மாதத்திலும், தேவைப்படுவதை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் கூடுதல் காலம் ஆகக்கூடும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொறுமையாக எழுதுவது என்றால் காலம் கடத்துவது என்று ஆகிவிடக் கூடாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் ஆணையத்துக்குப் போக வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் ஏற்கலாம். ஆனால் கம்பெனியோடு கடிதம் எழுதிக்கொண்டிருந்தோம் என்பதால் மட்டும் அந்தக் கெடு தானாக நீளாது. நம் உதாரணத்தில் 2025 ஜூனிலிருந்து கணக்கிடுவதுதான் பாதுகாப்பானது.

அனுப்புவதற்கு முன் இந்தக் கதை தெரியாத ஒருவரிடம் கடிதத்தைப் படிக்கக் கொடுங்கள். எதை, எப்போது, எவ்வளவுக்கு வாங்கினீர்கள், எத்தனை முறை கெட்டது, இப்போது என்ன கேட்கிறீர்கள் என்று அவரிடம் கேளுங்கள். உங்களிடம் எதுவும் விசாரிக்காமல் அவர் பதில் சொன்னால் கடிதம் தயார். ஆணையத்தில் அதைப் படிக்கப்போகிறவரும் உங்களைத் தெரியாதவர்தான்.