பகல் முழுக்க ‘என்ன பண்றே?’: துணையிடம் எப்படிச் சொல்வது

வேலை நேரத்தில் கணவனிடமிருந்தோ மனைவியிடமிருந்தோ அடுத்தடுத்து வரும் ‘எங்கே இருக்கே?’, ‘சாப்பிட்டியா?’, ‘ஏன் பதிலே காணோம்?’ போன்ற செய்திகள் பெரும்பாலும் தகவலுக்காகக் கேட்கப்படுபவை அல்ல. ‘நாம் நன்றாகத்தானே இருக்கிறோம்?’ என்ற ஒரே கேள்விதான் வேறு வேறு சொற்களில் வந்துகொண்டிருக்கிறது. ஆகவே செய்திகளைக் குறைக்கச் சொல்பவர் அந்த உள்கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும். அதை விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் பேசினால், அந்தப் பேச்சே புதிய கவலையாகி, செய்திகள் முன்பைவிடக் கூடும்.

இந்தக் கவலை எங்கிருந்து வருகிறது என்பதற்கு உளவியலில் தெளிவான விளக்கம் உண்டு. குழந்தைக்கும் தாய்க்கும் இடையிலான பற்றைப் போலவே பெரியவர்களின் காதல் உறவிலும் பற்று செயல்படுகிறது என்று அமெரிக்க ஆய்வாளர்கள் சிண்டி ஹேசனும் ஃபிலிப் ஷேவரும் 1987-இல் எழுதினார்கள். அன்பு கைவிட்டுப் போய்விடுமோ என்ற அச்சம் சிலருக்குக் கூடுதலாக இருக்கும். துணையின் மௌனம் அவர்களுக்கு வெறும் மௌனமாகத் தெரியாது, விலகலாகத் தெரியும். பதில் வந்ததும் மனம் அடங்கும். சிறிது நேரத்தில் மீண்டும் அச்சம் தலைதூக்கும்.

பதில் தருபவரின் பழக்கமும் இதை வளர்க்கிறது. ஒரு வங்கியில் காசாளராக இருக்கும் மனைவியையும், வீட்டிலிருந்தே கணினி வேலை பார்க்கும் கணவரையும் எடுத்துக்கொள்வோம். கணவர் பகலெல்லாம் தனியாக இருக்கிறார். காலை பத்து மணியிலிருந்து அவருடைய செய்திகள் தொடங்கிவிடுகின்றன. பணம் எண்ணும்போது மனைவியால் கைபேசியைத் தொட முடியாது. ஒருநாள் உடனே பதில் போடுகிறார், இன்னொரு நாள் இரண்டு மணி நேரம் கழித்து. சில நேரம் ஒன்பது செய்திகளைக் கண்டுகொள்ளாமல் இருந்து, பத்தாவதற்கு எரிச்சலோடு ‘வேலையா இருக்கேன்’ என்று அனுப்புகிறார். எப்போது பதில் வரும் என்று கணவருக்குத் தெரியாது. விடாமல் கேட்டால் எப்போதாவது வரும் என்பது மட்டும் தெரியும். ஒழுங்கில்லாமல் கிடைக்கும் பலன்தான் ஒரு பழக்கத்தை மிக ஆழமாக வேரூன்றச் செய்கிறது என்பதை பி. எஃப். ஸ்கின்னர் தம் ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். வாட்ஸ்அப்பின் நீலக் குறி இதைக் கூர்மையாக்குகிறது. செய்தி படிக்கப்பட்டுவிட்டது, பதில் மட்டும் இல்லை என்றால், காத்திருப்பவரின் மனம் தானே ஒரு காரணத்தைக் கட்டிக்கொள்ளும்.

இதனால் தீர்வின் மையம் பதில்களைக் குறைப்பது அன்று. பதில் எப்போது வரும் என்பதை உறுதியாக்குவது. சொல்லாமல் கொள்ளாமல் பதில்களைக் குறைத்துக்கொண்டே போவது பலரும் எடுக்கும் வழி. எதிரில் இருப்பவர் பயந்துகொண்டிருந்த விலகல் அதனால் உண்மையாகிவிடுகிறது.

பேசுவதற்கு ஏற்ற நேரம், செய்திகள் குவிந்து எரிச்சல் உச்சத்தில் இருக்கும் மதியம் அன்று. இரவுச் சாப்பாடு முடிந்து, இருவரும் ஓய்வாக இருக்கும்போது நேரில் பேச வேண்டும். இதையே செய்தியாக எழுதி அனுப்பினால், குரலும் முகமும் இல்லாத சொற்கள் கடுமையாகப் படிக்கப்படும்.

சொல்லும் வரிசைக்கும் பொருள் உண்டு. பிடித்தது முதலில், சிரமம் அடுத்து, பிறகு திட்டமான வேண்டுகோள், கடைசியில் தன் பங்கு. அந்த மனைவி இப்படிச் சொல்லலாம்:

“நீங்க சாப்பிட்டியான்னு கேக்குறது எனக்குப் பிடிக்கும், அதை நிறுத்த வேணாம். ஆனா கவுன்டர்ல இருக்கும்போது போன் அதிர்ந்துக்கிட்டே இருந்தா எண்ணிக்கை தப்பிடுமோன்னு பயமா இருக்கு. காலையில போய்ச் சேர்ந்ததும், மத்தியானம் சாப்பிடும்போதும், சாயங்காலம் கிளம்பும்போதும் நானே மெசேஜ் பண்றேன். நடுவுல பதில் வரலைன்னா கவுன்டர்ல இருக்கேன்னு வச்சுக்கோங்க, கோபம்னு நினைக்காதீங்க. அவசரம்னா ரெண்டு தடவை தொடர்ந்து கூப்பிடுங்க, கட்டாயம் எடுத்துடுவேன்.”

இந்தப் பேச்சில் ‘கொஞ்சம் குறைச்சுக்கோங்க’ என்ற சொல்லே இல்லை. ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று தெரியாத கணவர், ஒவ்வொரு செய்தி அனுப்பும்போதும் இது அதிகமோ என்று தடுமாறுவார். மூன்று வேளை என்பது இருவருக்கும் ஒரே பொருள் தரும். மௌனத்துக்கு என்ன பொருள் என்பதும் முன்கூட்டியே சொல்லப்பட்டுவிடுகிறது. அவசர வழி திறந்திருப்பதால், ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்துக்கும் இடமில்லை. ‘உங்களுக்கு எப்பவும் சந்தேகம்’, ‘குழந்தை மாதிரி பண்றீங்க’ போன்ற சொற்கள் வந்துவிட்டால் மட்டும் பேச்சு வேண்டுகோளிலிருந்து விலகி, குணத்தைப் பற்றிய வாதமாக மாறிவிடும்.

கணவரும் தன் பக்கத்தைச் சொல்ல வேண்டும். நான்கு மணிக்கு மேல்தான் தனிமை தாங்கவில்லை என்று அவர் சொன்னால், மூன்றாவது செய்தியை அந்த நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

அதன்பின் எல்லாமே வாக்கைக் காப்பதில் இருக்கிறது. ஆறு செய்தி அனுப்புவதாகச் சொல்லி நான்கு அனுப்புவதைவிட, இரண்டு சொல்லி இரண்டையும் தவறாமல் அனுப்புவது மேல். செய்தி ‘ம்’, ‘சரி’ என்று இருக்கக் கூடாது. ‘இன்னைக்குக் கூட்டம் அதிகம், உங்க எலுமிச்சை சாதம்தான் காப்பாத்துச்சு’ என்று அன்றைய நாளின் ஒரு துளி அதில் இருந்தால், அது கணக்குக்காக அனுப்பியதாகத் தோன்றாது. ஒருநாள் தவறிவிட்டால், அவர் கேட்கும் முன்பே ஒரு வரியில் காரணம் சொல்லிவிட வேண்டும். மாலையில் வீட்டுக்கு வந்ததும் கைபேசியை ஒதுக்கிவைத்துச் சிறிது நேரம் முகம் பார்த்துப் பேசினால், பகலில் குறைந்தது அங்கே ஈடாகும்.

தொடக்க நாட்களில் செய்திகள் கூடக்கூடும். பழகிய பலன் நின்றதும் முயற்சி சற்று அதிகரிப்பது இயல்பு. அப்போது இடையில் வரும் பத்தாவது செய்திக்குப் பதில் போட்டால், பத்து அனுப்பினால்தான் பதில் வரும் என்று பழக்கியதாகிவிடும். சொன்ன நேரத்தில் அன்பாக ஒரே பதில் போதும். விட்டுப்போன செய்திகளுக்காகக் கண்டிக்கத் தேவையில்லை. எண்ணிக்கை மெல்லக் குறைவதும், ‘ஏன் பதில் இல்லை?’ என்ற கேள்விகள் போய், பார்த்ததையும் கேட்டதையும் பகிரும் செய்திகள் வருவதும் முன்னேற்றத்தின் அறிகுறிகள். துணையின் தேவையை ஏற்று ஆதரவு தரும்போது அவர் மேலும் சார்ந்துபோவதில்லை, தன்னம்பிக்கையோடு தனித்து இயங்குகிறார் என்று புரூக் ஃபீனி என்ற அமெரிக்க உளவியலாளர் 2007-இல் வெளியிட்ட ஆய்வும் கூறுகிறது.

இந்த வழிக்கு எல்லைகளும் உண்டு. முன்பு ஏமாற்றப்பட்ட அனுபவமோ அண்மையில் நேர்ந்த இழப்போ கவலையின் வேராக இருந்தால், மூன்று செய்திகள் போதாது. அந்தக் காயத்தைத் தனியாகப் பேச வேண்டும், தேவைப்பட்டால் மனநல ஆலோசகரின் துணையோடு. சொன்னபடி செய்தி போன பிறகும் இருக்கும் இடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வது, கடவுச்சொல்லைக் கேட்பது, யாருடன் பேசலாம் என்று விதிப்பது, பதில் தாமதித்தால் மிரட்டுவது ஆகியவை வேறு வகை. அவை ஆறுதல் தேடுவது அல்ல, கட்டுப்படுத்துவது. அங்கே செய்தி நேரத்தைப் பேசித் தீர்க்க முயல்வது பயன் தராது. நம்பிக்கையான ஒருவரிடம் சொல்வதும், பெண்களாயின் 181 உதவி எண்ணை அழைப்பதும்தான் உரிய வழி.