கம்ப்யூட்டரில் கேரம்: காய் ஏன் நிற்கவே மாட்டேன் என்கிறது?

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு பழைய கேரம் போர்டு உண்டு. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் பலகை ஈரம் குடித்துவிடும். எவ்வளவு பவுடர் போட்டாலும் காய் பாதி வழியில் நின்றுவிடும். அந்த நாட்களில் விளையாடுவதற்காக, கம்ப்யூட்டரிலேயே ஒரு சின்ன கேரம் கேம் எழுதினேன். என் அக்கா மகன் இரண்டு தடவை அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மாமா, காய் நிக்கவே மாட்டேங்கு!"

அவன் சொன்னது சரிதான். எங்கே தவறு என்று தேடியபோதுதான் இந்த கேம்களின் சூட்சுமம் புரிந்தது.

நான் பயன்படுத்தியது Box2D என்ற இலவச புரோகிராம். எரின் கேட்டோ என்பவர் எழுதியது. புகழ் பெற்ற ஆங்ரி பேர்ட்ஸ் கேமிலும் இதுதான் உள்ளே வேலை செய்தது. பொருள்கள் மோதுவதையும் விழுவதையும் இது கணக்கிட்டுத் தரும். ஆனால் கேரம் போர்டை நாம் மேலிருந்து பார்க்கிறோம். காய்க்கு அடியில் ஒரு பலகை இருக்கிறது என்பது Box2D-க்குத் தெரியாது. அதனால் பலகையின் உராய்வையும் அது தானாகக் கணக்கிடாது. நான் linearDamping என்ற அளவை வைத்துச் சமாளித்தேன். தவறு அங்கேதான்.

இந்த அளவு, ஒவ்வொரு முறை திரையில் படம் மாறும்போதும் வேகத்தில் ஒரு பங்கைக் குறைக்கும். விநாடிக்கு 60 படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் 2 சதவீதம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் கிளம்பிய காய், 3 விநாடி கழித்தும் விநாடிக்கு 5 சென்டிமீட்டர் வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும். வேகம் குறையக் குறைய, குறைகிற அளவும் சிறுத்துப் போகிறது அல்லவா?

நிஜப் பலகையில் அப்படி இல்லை. சறுக்கும் காயை உராய்வு எப்போதும் ஒரே பலத்தோடுதான் இழுக்கிறது. ஆகவே வேகத்தைப் பெருக்கிக் குறைக்கக் கூடாது, கழிக்க வேண்டும். விநாடிக்கு விநாடி 1 மீட்டர் வேகம் குறைவதாகக் கொண்டால் இப்படி எழுதலாம்:

```
v = v - 1.0/60
if (v < 0) v = 0
```

இப்போது அதே காய் 2 விநாடியில் சட்டென்று நின்றுவிடும். மழைக்கால போர்டு வேண்டுமானால் 1.0 என்பதை 1.5 ஆக்குங்கள், போதும்!

அடுத்து வந்தது மாயக் காய். ஓங்கி அடித்தால், ஸ்ட்ரைக்கர் காயை ஊடுருவி அந்தப் பக்கம் போய்விட்டது. விநாடிக்கு 6 மீட்டர் வேகம் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே ஸ்ட்ரைக்கர் 10 சென்டிமீட்டர் தாண்டிவிடும். காயின் அகலம் சுமார் 3 சென்டிமீட்டர், ஸ்ட்ரைக்கரின் அகலம் சுமார் 4. முதல் படத்தில் காய்க்கு இந்தப் பக்கம், அடுத்த படத்தில் அந்தப் பக்கம். இடையில் இரண்டும் தொட்டதை கம்ப்யூட்டர் பார்க்கவே இல்லை! ஸ்ட்ரைக்கருக்கு bullet என்ற அமைப்பைப் போட்டால், இரண்டு படங்களுக்கு இடையில் எந்தக் கணத்தில் தொடுகிறது என்றும் Box2D தேடிப் பார்க்கும். அதைச் செய்தபின் காய் ஒழுங்காக அடிபட்டது.

இதே கேமை பூல் விளையாட்டாக மாற்றினால் என்ன? அங்கே இன்னொரு சிக்கல். காய் தட்டை, சறுக்க மட்டும்தான் செய்யும். பூல் பந்து முதலில் சறுக்கி, பிறகு உருளும். உருண்டு வரும் வெள்ளைப் பந்து இன்னொரு பந்தில் நேராக மோதினால், தன் வேகத்தை ஏறக்குறைய முழுவதும் அதற்குக் கொடுத்துவிடும். ஆனால் அதன் சுழற்சி அப்படியே மிச்சம் இருக்கும். அந்தச் சுழற்சி துணியைப் பிடித்துத் தள்ள, ஒரு கணம் தயங்கிய வெள்ளைப் பந்து மறுபடி முன்னே நகரும். கணக்குப்படி, மோதும் முன்பு இருந்த வேகத்தில் 7-இல் 2 பங்கு அதற்குத் திரும்பக் கிடைக்கும். பந்தின் அடிப்பாகத்தில் கியூவால் குத்தி, பின்சுழற்சி தீர்வதற்குள் மோத வைத்தால், இதே காரணத்தால் அது பின்னோக்கி வரும். Box2D தட்டையான உலகத்தை மட்டுமே அறியும். எனவே உருளும் சுழற்சியை நாமே தனியாக எழுதிச் சேர்க்க வேண்டும்.

உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள கேம்களையும் இப்படிச் சோதிக்கலாம். கேரமில் காய் நிற்கும் தறுவாயைப் பாருங்கள்: எறும்பு போல ஊர்ந்தால், பெருக்கல் கணக்கு. பூலில் தூரத்திலிருந்து நடுவில் அடித்து, வெள்ளைப் பந்தை இன்னொன்றின் மேல் நேராக மோத விடுங்கள். அது அங்கேயே செத்துப்போனது போல நின்றுவிட்டால், அந்த கேமில் சுழற்சியே இல்லை என்று அர்த்தம்.

அக்கா மகன் இப்போது குறை சொல்வதில்லை. மழை விட்டதும் திண்ணைக்குத்தான் ஓடுகிறான் என்பது வேறு விஷயம்!