கிரகப்பிரவேசத் தேதியைக் குறிப்பது எந்த வேலை?

கூரை காங்கிரீட் போட்டு, சென்ட்ரிங் பிரித்தாகிவிட்டது. நிலைகளும் வைத்தாயிற்று. இனிக் கதவு செய்ய 20 நாள் ஆகும் என்கிறார் தச்சர். மீதி இருக்கும் வேலைகளில் இதுதான் நீளமானது என்பதால் வீட்டுக்காரர் தினமும் தச்சுப் பட்டறைக்கு நடையாக நடக்கிறார். ஆனால் வீடு எப்போது முடியும் என்பதைத் தீர்மானிக்கப்போவது அந்தக் கதவுகள் அல்ல.

அதைக் கண்டுபிடிக்க ஒரு தாளும் பேனாவும் போதும். முதலில் ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு கேள்விகள்: எத்தனை நாள் ஆகும்? எந்த வேலை முடிந்தால்தான் இதைத் தொடங்க முடியும்?

சுவரை வெட்டி மின்குழாய் பதிக்க 5 நாள். அதன்பின் உள்பூச்சு 10 நாள். பூச்சுக்குத் தண்ணீர் விட்டு ஆற 7 நாள். பிறகு தரைக்கு டைல்ஸ் 8 நாள். தரை மட்டம் தெரிந்தால்தான் கதவின் அடியைச் சரியாக அறுக்க முடியும். ஆகவே டைல்ஸும் முடிந்து, பட்டறையிலிருந்து கதவும் வந்த பிறகே கதவு மாட்டுவது, 3 நாள். கடைசியாக உள் பெயின்ட் 8 நாள். இன்னொரு கொத்தனார் குழு வெளிப்பூச்சை 8 நாளில் முடிக்கும். அது ஆற 7 நாள், வெளி பெயின்ட் 5 நாள்.

வேலைகளைக் கட்டங்களாக வரைந்து, எது எதற்காகக் காத்திருக்கிறதோ அதை அம்புக்குறியால் இணையுங்கள். இப்போது இடமிருந்து வலமாகக் கூட்டிக்கொண்டே போகலாம். மின்குழாய் 5ஆம் நாள் முடியும், உள்பூச்சு 15, ஆறுவது 22, டைல்ஸ் 30. கதவு மாட்டும் கட்டத்தில் இரண்டு அம்புகள் சேர்கின்றன: டைல்ஸ் 30ஆம் நாள், கதவு 20ஆம் நாள். இரண்டும் தேவை என்பதால் பெரிய எண்ணைத்தான் எடுக்க வேண்டும். அங்கிருந்து 3 நாள் கூட்டினால் 33, பெயின்ட்டோடு 41. வெளிவேலை 20ஆம் நாளிலேயே முடிந்துவிடும். ஆக வீடு முடிய 41 நாள்.

அடுத்து, 41இலிருந்து பின்னோக்கிக் கழித்து வாருங்கள். ஒவ்வொரு வேலையும் முடிவுத் தேதியைக் கெடுக்காமல் எவ்வளவு தாமதமாகத் தொடங்கலாம் என்பது கிடைக்கும். ஒரு கட்டத்திலிருந்து பல அம்புகள் பிரிந்தால், இம்முறை சிறிய எண்ணை எடுக்க வேண்டும். கதவு 30ஆம் நாள் வந்தால் போதும். அதாவது தச்சருக்கு 10 நாள் கையிருப்பு இருக்கிறது. வெளிவேலை மூன்றுக்கும் சேர்த்து 21 நாள். இது பொதுப் பணம் மாதிரி. பூச்சுக்காரர் தின்றுவிட்டால் பெயின்ட்டருக்கு மிச்சம் இருக்காது. மின்குழாய், உள்பூச்சு, ஆறுவது, டைல்ஸ், கதவு மாட்டுவது, உள் பெயின்ட் ஆகியவற்றுக்குக் கையிருப்பு பூஜ்யம். இந்தச் சங்கிலிதான் ‘கிரிட்டிக்கல் பாத்’. அதில் எது ஒரு நாள் தாமதித்தாலும் கிரகப்பிரவேசம் ஒரு நாள் தள்ளிப்போகும். சுவர் ஆறும் 7 நாளில் யாரும் வேலை செய்வதில்லை, ஆனாலும் அது சங்கிலியில் ஒரு கண்ணிதான்.

1950களின் இறுதியில் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தைச் சேர்ந்த மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டைச் சேர்ந்த ஜேம்ஸ் கெல்லியும் உருவாக்கிய முறை இது. அவர்கள் கணினியில் செய்த கணக்குதான் இங்கே தாளில் நடக்கிறது.

இந்தப் பாதை நிலையானதல்ல. தச்சர் 12 நாள் தாமதித்து, கதவு 32ஆம் நாள் வந்தால், வீடு 43ஆம் நாள் முடியும். பன்னிரண்டு நாள் தாமதத்தில் பத்தைக் கையிருப்பு தாங்கிக்கொண்டது, இரண்டுதான் வெளியே தெரிகிறது. ஆனால் அன்றிலிருந்து பாதை தச்சுப் பட்டறை வழியாகப் போகிறது. டைல்ஸுக்குக் கூடுதல் ஆள் போட்டாலும் ஒரு நாள்கூட மிச்சமாகாது. அதனால்தான் வாரத்துக்கு ஒருமுறையாவது கணக்கைப் புதிதாகப் போட வேண்டும்.

பலரும் சறுக்குவது இன்னொரு இடத்தில்: அம்புக்குறி வேலைகளின் வரிசையைத்தான் காட்டும், ஆட்கள் இருக்கிறார்களா என்பதைக் காட்டாது. இரண்டாவது கொத்தனார் குழு வரவில்லை, இருக்கும் ஒரே குழுதான் இரண்டு பூச்சையும் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே முடித்துவிட்டு வெளியே போனால் வெளிவேலை 35ஆம் நாள் முடியும். வீடு அதே 41ஆம் நாள் தயார். ‘தெருவில் போகிறவர்கள் பார்க்கட்டும்’ என்று வெளியே முதலில் பூசச் சொன்னால் உள்பூச்சு 8ஆம் நாள்தான் தொடங்கும். வீடு முடிய 44 நாள். கொத்தனார் முதல் நாள் காலை கரண்டியோடு வந்து “எங்கேர்ந்து ஆரம்பிக்கட்டும் சார்?” என்று கேட்பாரே, அந்தக் கேள்வியின் விலை மூன்று நாள்.