நாலாவது ஆள் எப்போது வருவார்?

கேரம் இரட்டையர் ஆட்டத்துக்கு நாலு பேர் வேண்டும். வீட்டில் ஆள் குறைந்தால் பக்கத்து வீட்டில் குரல் கொடுத்துவிடலாம். இணையத்தில் ஆடும்போது அந்த நாலாவது ஆளைத் தேடிப் பிடிப்பது ஒரு நிரலின் பொறுப்பு. அதற்கு மேட்ச்மேக்கிங் என்று பெயர். சேர்ந்தவர்கள் ஆட்டம் தொடங்கும்வரை காத்திருக்கும் திரை லாபி. இரண்டு மூன்று பேர் கூடி ஒரு சின்ன ஆன்லைன் விளையாட்டைச் செய்யும்போது காய்கள் மோதித் தெறிக்கும் அழகுக்கு மாதக்கணக்கில் உழைத்துவிட்டு, இந்த இரண்டையும் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுவார்கள். ஆடுபவர் முதலில் பார்ப்பதோ லாபியைத்தான். அங்கே பத்து நிமிடம் சும்மா உட்கார வைத்தால், காய்களின் அழகைப் பார்க்காமலே கிளம்பிவிடுவார்.

லாபிக்குப் போவதற்கு முன், இந்த ஆட்டத்தில் யார் சொல்வது செல்லும் என்பதைப் பார்த்துவிடலாம். நம் கேரமில் எல்லா முடிவையும் எடுப்பது சர்வர், அதாவது இணையத்தின் மறுமுனையில் இருக்கும் பொதுக் கணினி. உங்கள் கைப்பேசி அதற்கு அனுப்புவது ஸ்டிரைக்கரை எங்கே வைத்தீர்கள், எந்தக் கோணத்தில், எவ்வளவு வேகத்தில் அடித்தீர்கள் என்ற விவரத்தை மட்டுமே. காய்கள் எப்படி உருண்டன, ரெட் குழியில் விழுந்ததா இல்லையா என்பதைச் சர்வர் தானே கணக்கிட்டு நாலு பேருக்கும் சொல்லும். “நான் ரெட்டைப் போட்டுவிட்டேன்” என்று ஒரு கைப்பேசி சொன்னால் அதை நம்பாது. கைப்பேசியில் இருக்கும் நிரலைத் திருத்தி ஏமாற்றத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதால்தான் இந்த ஏற்பாடு. இதே கண்டிப்பு லாபியிலும் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். யார் அறையில் இருக்கிறார், எந்த நாற்காலி யாருக்கு, ஆட்டம் எப்போது தொடங்குகிறது என்பதையும் சர்வர்தான் தீர்மானிக்க வேண்டும்.

இப்போது ஒரு கணக்கு. நம் விளையாட்டில் ஒரு நாளில் 300 முறை யாரோ ஒருவர் ‘ஆடு’ பொத்தானை அழுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். சின்னக் குழுவுக்கு அது நல்ல கூட்டம். அதில் பாதி, அதாவது 150, இரவு 8 மணி முதல் 11 மணி வரையில் வருகிறது. அப்படியானால் மணிக்கு 50 பேர். சராசரியாக 72 நொடிக்கு ஒருவர். முதலில் வந்தவர் இன்னும் மூன்று பேர் வரும்வரை காத்திருக்க வேண்டும். 216 நொடி, ஏறத்தாழ மூன்றரை நிமிடம். கொஞ்சம் நீளம்தான், ஆனாலும் பொறுத்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் குழுவில் ஒருவர், பெரிய விளையாட்டுகளைப் பார்த்து, ஆட்டத்தை மூன்று வகையாகப் பிரிக்கலாம் என்பார்: பாயின்ட் ஆட்டம், கறுப்பு வெள்ளை ஆட்டம், நேரம் வைத்து ஆடும் வேக ஆட்டம். மூன்று பொத்தான், மூன்று வரிசை. வருகிற கூட்டம் அதேதான். அது மூன்றாகப் பிரிகிறது. ஒவ்வொரு வரிசைக்கும் 216 நொடிக்கு ஒருவர்தான் வருவார். முதல் ஆளின் காத்திருப்பு 648 நொடி, பதினோரு நிமிடத்துக்குப் பன்னிரண்டு நொடி குறைவு. ஒவ்வொரு வகையையும் தொடக்கநிலை, நடுநிலை, தேர்ந்தவர் என்று பிரித்தால் ஒன்பது வரிசை. காத்திருப்பு அரை மணியைத் தாண்டும். அவ்வளவு நேரம் யாரும் இருக்கமாட்டார்கள். ஒருவர் கிளம்பினால் அடுத்தவரின் காத்திருப்பு இன்னும் நீள்கிறது, அவரும் கிளம்புகிறார். ஷேர் ஆட்டோ நிலையத்தில் ஒரே ஊருக்குப் போகும் மூன்று ஆட்டோக்களில் ஆளுக்கு ஒருவராக ஏறி உட்கார்ந்துகொண்டு, மூன்றும் நகராமல் நிற்பது போலத்தான் இது.

லட்சக்கணக்கானோர் ஆடும் விளையாட்டுக்கு வரிசையைப் பிரிப்பது கட்டுப்படியாகும். நமக்கு ஆகாது. ஒரே ஒரு வரிசை வைப்பதுதான் சரி. இன்று பாயின்ட், நாளை கறுப்பு வெள்ளை என்று வகையைச் சுழற்றலாம். இல்லாவிட்டால் தனக்குச் சம்மதமான வகைகளை எல்லாம் ஆடுபவரே டிக் செய்யட்டும். எது முதலில் நிறைகிறதோ அதில் அவரைச் சேர்த்துவிட்டு, மற்றவற்றில் இருந்து அவர் பெயரைச் சர்வர் அதே கணத்தில் நீக்கிவிட வேண்டும். நீக்கத் தவறினால் ஒரே ஆள் இரண்டு மேஜையில் உட்கார்ந்திருப்பார். இரண்டாவது மேஜையில் மூன்று பேர் வெறுமனே காத்திருப்பார்கள்.

பகல் நேரத்துக்கு இதுவும் போதாது. மிச்சம் 150 அழுத்தல்கள் 21 மணி நேரத்தில் பரவிக் கிடக்கின்றன. எட்டரை நிமிடத்துக்கு ஒருவர்தான். நாலு பேர் சேர 25 நிமிடம் ஆகும். எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக நிரல் எழுதினாலும் இல்லாத ஆளைக் கொண்டுவர முடியாது. அதனால் நாற்பது நொடிக்குள் ஆள் நிறையாவிட்டால், காலி நாற்காலியில் கணினி ஆட்டக்காரரை உட்கார வைத்து ஆட்டத்தைத் தொடங்கிவிடலாம். பிறகு மனிதர் யாரேனும் வந்தால், அந்த நாற்காலியை அவருக்கு விட்டுக்கொடுக்கலாம். சில விளையாட்டுகள் கணினி ஆட்டக்காரருக்கு மனிதப் பெயரும் படமும் வைத்து மறைக்கின்றன. அது ஏமாற்று வேலை என்பது என் உறுதியான கருத்து. ‘கணினி’ என்று பெயர்ப் பலகையில் எழுதிவிடுங்கள். காத்திருப்பவருக்கு, தனியாக அடித்துப் பழக ஒரு பலகையும் கொடுங்கள்; சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நொடிகளைவிடக் கை வேலையாக இருக்கும் நொடிகள் வேகமாக ஓடும்.

திறமைக்குத் திறமை சேர்ப்பது அடுத்த ஆசை. சதுரங்கத்துக்காக ஆர்பாட் எலோ வகுத்த மதிப்பெண் முறை இங்கேயும் பயன்படும். இருவருக்கும் 100 புள்ளி வித்தியாசம் என்றால் மேலே இருப்பவர் பெறுவது சராசரியாக நூற்றுக்கு 64. 200 என்றால் 76. 400 என்றால் 91. அதாவது 100 புள்ளி வரை ஆட்டம் சுவையாகவே இருக்கும். எனவே முதல் பத்து நொடிக்கு 100 புள்ளிக்குள் தேடலாம், அடுத்த பத்துக்கு 200, அதன்பின் எவரானாலும் சரி என்று வலையை விரித்துக்கொண்டே போகலாம். 72 நொடிக்கு ஒருவர் வரும் இடத்தில் வலை எப்போதும் முழுதாக விரிந்துதான் இருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே மதிப்பெண்ணுக்கு வேறொரு வேலை உண்டு: கிடைத்த நாலு பேரை இரண்டு அணியாகப் பிரிப்பது. 1600, 1400, 1300, 1100 என்று நாலு பேர் வந்தால், முதல்வரையும் கடைசி ஆளையும் ஒரு பக்கம் எதிரெதிராக உட்கார வைத்தால் இரு அணிக்கும் கூட்டுத்தொகை 2700. ஆள் கிடைக்காத இடத்தில் செய்யக்கூடிய நியாயம் இதுதான்.

இனி லாபிக்குள் போவோம். அறையில் மூன்று பேர் இருக்கிறார்கள். மதுரையில் ஒருவர், யாழ்ப்பாணத்தில் ஒருவர், அதே நொடியில் ‘சேர்’ என்று அழுத்துகிறார்கள். இரண்டு கைப்பேசியிலும் அந்தக் கணத்தில் ஒரு நாற்காலி காலியாகத் தெரிந்தது உண்மை. கைப்பேசியே முடிவெடுத்தால் ஐந்து பேர் உள்ளே இருப்பார்கள். சர்வர் அந்த அறைக்கு வரும் வேண்டுகோள்களை ஒவ்வொன்றாகத்தான் எடுக்க வேண்டும்: முதலாவதை எடு, காலி இருக்கிறதா பார், உட்கார வை, அது முழுதும் முடிந்த பிறகே அடுத்தது. பார்ப்பதும் உட்கார வைப்பதும் பிரிக்க முடியாத ஒரே செயலாக இருக்க வேண்டும். தரவுத்தளத்தில் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் கழித்து எழுதுகிற நிரலில் இந்தப் பிழை ஒளிந்திருக்கும். இருவர் சோதிக்கும்போது தெரியாது. கூட்டம் வருகிற இரவில்தான் தலைகாட்டும். இடம் கிடைக்காதவரிடம் “பிழை” என்று சொல்லித் துரத்தாமல், அவரையே அடுத்த அறையின் முதல் ஆளாக உட்கார வைக்கலாம்.

அடுத்தது, போய்விட்டும் போகாதவர்கள். ஒருவர் வீட்டு வைஃபையில் இருந்து தெருவுக்கு இறங்கி மொபைல் டேட்டாவுக்கு மாறுகிறார். பழைய இணைப்பு அறுந்தது சர்வருக்கு உடனே தெரியாது. அவர் பெயர் நாற்காலியில் அப்படியே இருக்கும். மற்ற மூவரும் இல்லாத ஆளுக்காகக் காத்திருப்பார்கள். ஐந்து நொடிக்கு ஒருமுறை சர்வர் ஒரு சின்னச் செய்தி அனுப்பிப் பதில் எதிர்பார்க்கட்டும். மூன்று முறை பதில் வராவிட்டால், பதினைந்து நொடியில் லாபி நாற்காலியை விடுவித்துவிடலாம். ஆட்டம் தொடங்கிய பிறகு இவ்வளவு கறார் கூடாது. ஒரு நிமிடமாவது இடத்தை வைத்திருக்க வேண்டும். உள்ளே நுழையும்போது சர்வர் கொடுத்த ரகசியச் சீட்டைக் கைப்பேசி பத்திரமாக வைத்திருந்து, திரும்பி வந்ததும் காட்டினால் அதே நாற்காலி கிடைக்கும். அப்போது தவறிய செய்திகளைத் தேடித் தேடி அனுப்புவதைவிட, பலகை இப்போது எப்படி இருக்கிறது என்று முழுப்படத்தையும் ஒரே முறையில் அனுப்புவதே பிழை குறைந்த வழி.

பெரிய விளையாட்டுகளில் ஆள் சேர்ந்ததும் “தயாரா?” என்று கேட்டு ஒவ்வொருவரும் அழுத்த வேண்டியிருக்கும். நமக்கு இது வேண்டாம். பத்தில் ஒன்பது பேர் அழுத்துவார்கள் என்றே வைத்தாலும், நாலு பேரும் அழுத்துவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 66தான். கஷ்டப்பட்டுச் சேர்த்த அறைகளில் மூன்றில் ஒன்று கலைந்துபோகும். ஐந்து நொடி எண்ணிவிட்டு நேராக ஆட்டத்தைத் தொடங்குங்கள். வராதவர் இடத்தில் கணினி ஆடட்டும். ஏதோ காரணத்தால் அறை கலைந்தே தீர வேண்டும் என்றால், மிச்சமிருப்பவர்கள் முதலில் வரிசைக்கு வந்த நேரத்தோடு முன்வரிசைக்கே திரும்ப வேண்டும். அவர்களைக் கடைசியில் நிறுத்துவது அநியாயம்.

சின்ன விளையாட்டைத் தாங்கிப்பிடிப்பது பெரும்பாலும் முன்பின் தெரியாதவர்கள் சேரும் இந்த வரிசைகூட இல்லை. நண்பர்கள் கூடும் தனி அறைதான். இன்னர்ஸ்லாத் என்ற சிறிய குழு 2018-இல் வெளியிட்ட அமாங் அஸ் விளையாட்டு 2020-இல் உலகெங்கும் பரவியபோது, ஓர் அறைக் குறியீட்டைச் சொன்னால் போதும், நண்பர்கள் உள்ளே வந்துவிடலாம் என்ற எளிமை அதில் இருந்தது. நம் கேரமுக்கு `KX7M` போல நாலு எழுத்து போதும். ஓ-வும் பூஜ்ஜியமும், ஐ-யும் ஒன்றும் குழம்பும் என்பதால் அந்த நாலையும் விட்டுவிட்டால் மிச்சம் 32 குறிகள். நாலு இடத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேலான குறியீடுகள் கிடைக்கும். யாரும் ஊகித்து நுழையாதபடி, ஒரே ஆள் பல முறை தவறான குறியீட்டை அடித்தால் சர்வர் கொஞ்ச நேரம் தடுத்துவைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பத் தோதாக ஒரு பொத்தானும் வேண்டும். அறையைத் திறந்தவர் வெளியேறினால் அறை மூடாமல், அடுத்து வந்தவருக்குப் பொறுப்பு கைமாற வேண்டும்.

இப்படி ஒரு விளையாட்டை நீங்கள் செய்துகொண்டிருந்தால், முதல் நாளிலிருந்தே இரண்டு எண்களைக் குறித்து வையுங்கள்: ‘ஆடு’ அழுத்தியவர்கள் எத்தனை பேர், அவர்களில் முதல் ஸ்டிரைக்கரை அடித்தவர்கள் எத்தனை பேர். நூறு பேரில் நாற்பது பேர் வழியில் கிளம்பிவிட்டால், புதிய பலகையும் புதிய நிறமும் செய்வதை நிறுத்திவிட்டு வரிசைகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள்.